ஹோஸ்டிங் கட்டணம்: ஆண்டுக்கு மொத்தமாகவா, மாதாமாதமா?

தாராவி 90 அடி சாலையில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஓர் அக்காவுக்கு, மூன்றே பக்கங்கள் கொண்ட ஓர் இணையதளத்தைச் செய்து கொடுத்தேன். ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டிய அன்று மாலையே அவரிடமிருந்து போன் வந்தது. "மாசம் நூத்து நாப்பத்தொம்பது ரூபாய்னுதானே தம்பி போட்டிருந்தான்? இப்ப ரெண்டாயிரத்துக்கு மேல எடுத்துட்டானே!" என்றார். விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கான விலையாகக் காட்டப்பட்ட தொகை, உண்மையில் 12 மாதங்களுக்கு முன்கூட்டியே கட்ட வேண்டிய பணத்தைப் பன்னிரண்டாக வகுத்த விடை. மும்பையில் சிறு தொழில் செய்யும் நம்மவர்களுக்கு இணையதளம் அமைத்துத் தரும் வேலையில் நான் அதிகமாக விளக்க வேண்டியிருப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான் என்பதால், முதல்முறை ஹோஸ்டிங் வாங்குபவர் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவற்றை அந்த அக்காவின் கணக்கையே வைத்து எழுதுகிறேன். விலைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் வாங்குவது ஒன்றல்ல, இரண்டு

இணையதளத்துக்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, கடையின் பெயர்ப்பலகை போன்ற டொமைன் பெயர். மற்றது, பக்கங்களும் படங்களும் தங்கியிருக்கும் இடமான ஹோஸ்டிங். டொமைனை மாத வாடகைக்கு வாங்க முடியாது. குறைந்தது ஓர் ஆண்டுக்குப் பதிவு செய்தாக வேண்டும். எனவே மாதமா ஆண்டா என்ற கேள்வியே ஹோஸ்டிங்குக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் விற்பவர்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, ஆண்டுத் திட்டம் எடுத்தால் முதல் ஆண்டுக்கு டொமைன் இலவசம் என்று தருகிறார்கள். இந்த இலவசம், பின்னால் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது ஒரு விலையோடு வந்து நிற்கும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சேமிப்பைக் கணக்கிடுதல்

அக்கா பார்த்த திட்டத்தில் மாதாமாதம் கட்டினால் 399 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 149 ரூபாய் என்று போட்டிருந்தது. இரண்டும் ஜி.எஸ்.டி. சேராத விலை. ஹோஸ்டிங்குக்கு 18 சதவீத வரி உண்டு. பெரும்பாலும் அது கடைசித் திரையில்தான் தலைகாட்டும். வரியையும் சேர்த்தால் மாதக் கட்டணம் சுமார் 471 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 1,788 ரூபாயும் அதற்கான வரி 322 ரூபாயும் சேர்ந்து 2,110 ரூபாய்.

இப்போது 2,110-ஐ 471-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை வருகிறது. அதாவது நான்கு மாதம் மட்டும் பயன்படுத்துகிறவருக்கு மாதக் கட்டணம் (1,883 ரூபாய்) மலிவு. ஐந்தாவது மாதக் கட்டணத்தைச் செலுத்தியவுடன் (2,354 ரூபாய்) ஆண்டுத் திட்டம் மலிவாகிவிடுகிறது. எந்த நிறுவனத்திலும் முதலில் போட வேண்டிய வகுத்தல் இதுதான். விடை நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் வந்தால், ஆறு மாதம் தளம் நிச்சயம் தேவை என்று தெரிந்தவர் ஆண்டுத் திட்டத்தை எடுக்கலாம். விடை பத்தைத் தாண்டினால், சேமிப்பு என்று அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் மிச்சம்.

முதல் ஆண்டு முழுவதையும் ஒப்பிட்டால் மாதக் கணக்கில் 5,650 ரூபாய் போயிருக்கும். ஆண்டுத் திட்டத்தில் 2,110 ரூபாய்தான். சேமிப்பு 3,540 ரூபாய். பெரும்பாலோர் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, ஏனென்றால் 149 ரூபாய் என்பது முதல் தவணைக்கான விலை மட்டும். அதன் கீழே பொடி எழுத்தில் `Renews at ₹349/mo` என்று ஒரு வரி இருந்தது. அந்த விலையில் இரண்டாம் ஆண்டுக்கு வரியுடன் 4,942 ரூபாய் ஆகும். மாதக் கட்டணம் 399 ரூபாயிலேயே நின்றால் இரண்டாம் ஆண்டின் சேமிப்பு வெறும் 708 ரூபாய். அதோடு, முதல் ஆண்டில் இலவசமாக வந்த டொமைனுக்கு இப்போது 1,099 ரூபாயும் வரியும், அதாவது 1,297 ரூபாய், தனியாகக் கட்ட வேண்டும். ஆகவே ஒப்பிடுகிறவர் ஓராண்டை அல்ல, இரண்டு ஆண்டுகளைச் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பணம் கட்டும் திரையிலேயே தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துவிட்டால், வழக்கமான முறையில் வரி கட்டுபவர்களுக்கு அந்த 18 சதவீதம் உள்ளீட்டு வரி வரவாகக் கிடைக்கும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது.

கூடையைச் சரிபார்த்தல்

பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன் திரையில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, தவணைக் காலம்: பல தளங்களில் 36 மாதம் அல்லது 48 மாதம் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும், ஏனென்றால் அதில்தான் மாத விலை மிகக் குறைவாகத் தெரியும். இரண்டாவது, நாம் கேட்காமலே சேர்ந்திருக்கும் பொருள்கள்: தினசரி பேக்கப், கூடுதல் பாதுகாப்பு, மின்னஞ்சல் என்று சில பெட்டிகளில் டிக் விழுந்திருக்கலாம். மூன்றாவது, புதுப்பித்தல் விலை.

வாங்குபவர் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், சந்தாவை ரத்து செய்ய முடியாதபடி சிக்கலாக்குவதும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் பட்டியலிடப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் அடங்கும். கேட்காமல் சேர்த்த பொருளுக்குப் பணம் போய், நிறுவனமும் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அப்போது அந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட் கையில் இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும். எனவே விலையும் புதுப்பித்தல் வரியும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைப்பது என் வாடிக்கை; அரை நிமிட வேலைதான்.

பணம் திரும்பக் கிடைப்பது எப்போது, எவ்வளவு

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆண்டுத் திட்டத்தை நான்கு மாதம் பயன்படுத்திவிட்டு நிறுத்தினால் மீதி எட்டு மாதப் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பொதுவாக வராது. `30-day money-back` என்ற வாக்குறுதி பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து செய்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். 31-ஆம் நாள் ரத்து செய்பவருக்கு, சேவை தவணை முடியும்வரை ஓடும், பணம் வராது. மீதி மாதங்களுக்கு விகிதப்படி பணம் தரும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அவை குறைவு. விதிமுறைப் பக்கத்தில் `pro-rata` அல்லது `prorated` என்ற சொல் எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள், அரட்டைப் பெட்டியில் யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

முப்பது நாளுக்குள் கேட்டாலும் முழுப் பணம் வராமல் போகக் காரணம் அந்த இலவச டொமைன். ஒருமுறை பதிவான டொமைன் வாங்கியவர் பெயரில் ஓராண்டுக்கு நின்றுவிடுகிறது. அதனால் பல நிறுவனங்கள் அதன் சாதாரண விலையைக் கழித்துக்கொண்டே மீதியைத் தருகின்றன. அக்கா 22-ஆம் நாள் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டியது 2,110 ரூபாய். விதிமுறையில் டொமைனின் விலை 999 ரூபாய் என்றிருந்தது. வரியுடன் 1,179 ரூபாய். அதைக் கழித்தால் கையில் வருவது 931 ரூபாய். பாதிக்கும் குறைவு. டொமைன் அவரிடமே இருக்கும், அதை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது மட்டும் ஆறுதல். தளம் வேண்டுமா வேண்டாமா என்ற ஐயத்தோடு வாங்குபவருக்கு நான் சொல்வது இதுதான்: டொமைனைத் தனியாக வேறொரு பதிவாளரிடம் வாங்குங்கள், ஹோஸ்டிங்கை இலவசம் இல்லாமல் எடுங்கள், அப்போது திரும்பக் கேட்டால் கழிப்பதற்கு எதுவும் இருக்காது.

மாதக் கட்டணத்தில் ரீஃபண்ட் என்பதற்கு இடமே சிறிது. சில நிறுவனங்களில் ஆண்டுத் திட்டத்துக்கு 30 நாள் என்றால் மாதத் திட்டத்துக்கு 48 மணி நேரம்தான். சிலவற்றில் அதுவும் இல்லை. ஆனால் அங்கே இழப்பின் உச்சவரம்பே ஒரு மாதக் கட்டணம் என்பதால், 471 ரூபாய்க்காக யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

ரத்து செய்யும் படிவத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். இங்குள்ள சிறு ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவற்றின் வாடிக்கையாளர் பக்கத்தில், ரத்து கோரும்போது இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்:

```
Cancellation Type:
  Immediate
  End of Billing Period
```

முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு அப்போதே மூடப்பட்டு, கோப்புகளும் மின்னஞ்சல்களும் போய்விடக்கூடும், பணமும் திரும்பாது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கட்டிய காலம் முடியும்வரை தளம் ஓடி, அதன்பின் நிற்கும். செம்பூரில் ஒரு தையல் வகுப்புக்காரரின் கணக்கில் ஐந்து மாதம் மீதி இருக்கும்போது முதலாவதை அழுத்திவிட்டு, அன்றிரவே பழைய பேக்கப்பிலிருந்து தளத்தை வேறிடத்தில் எழுப்ப வேண்டியதாயிற்று. முப்பது நாள் ரீஃபண்டைக் கேட்பவர் மட்டும்தான் முதலாவதைத் தொட வேண்டும். அவரும் பேக்கப்பை இறக்கிக்கொண்ட பிறகே தொட வேண்டும்.

புதுப்பிக்கும் நாள் வரும்போது

ஆண்டுத் திட்டம் வாங்கும்போதே, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடான `Auto-renew` பெரும்பாலும் இயக்கத்தில் இருக்கும். அட்டை விவரம் கொடுத்து ஓ.டி.பி. போட்ட அந்த நொடியில், அடுத்த ஆண்டுக்கான அனுமதியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறோம். இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அட்டையிலோ யு.பி.ஐ. ஆட்டோபேயிலோ இப்படித் தானாகப் பணம் எடுக்கும் முன், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் வணிகரின் பெயர், தொகை, எடுக்கும் நாள் ஆகியவை இருக்க வேண்டும். அந்த ஒரு பரிவர்த்தனையையோ அனுமதி முழுவதையுமோ மறுக்க வாடிக்கையாளருக்கு வழியும் இருக்க வேண்டும். தொகை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் புதிதாக ஓ.டி.பி. கேட்காமலே பணம் போகும். அதற்கு மேல் என்றால் ஓ.டி.பி. வேண்டும். இந்த வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் உயர்த்தப்பட்டது.

இந்த 15,000 என்ற எண்ணை 36 மாதத் திட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். அதே நிறுவனம் 36 மாதத்துக்கு மாதம் 99 ரூபாய் என்று காட்டியது. வரியுடன் 4,206 ரூபாய். மலிவுதான். ஆனால் மூன்று ஆண்டு கழித்து அது 349 ரூபாய் விலையில் மறுபடியும் 36 மாதத்துக்கே புதுப்பிக்கப்பட்டால் வரியுடன் 14,826 ரூபாய் ஆகிறது. வரம்புக்கு 174 ரூபாய் கீழே! ஓ.டி.பி. கேட்காது, மூன்று ஆண்டுக்கு முன் கொடுத்த அனுமதி யாருக்கும் நினைவிருக்காது, நம்மைக் காப்பதற்கு இருப்பது விளம்பர எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவே வரும் அந்த ஒரே ஓர் அறிவிப்பு. அதனால் அனுமதி கொடுக்கும் திரையில் உச்சத் தொகை எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 2,110 ரூபாய் பொருளுக்கு 15,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்று எழுதியிருப்பது சாதாரணம். யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியில் அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், நிறுத்தலாம்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. வங்கி புது அட்டை அனுப்பியதால் பழைய அனுமதி செத்துப்போய், பணம் எடுக்கப்படாமல் தளம் நின்றுவிடும். ஹோஸ்டிங் நின்றால் சில நாள் தளம் தெரியாது. கட்டினால் வந்துவிடும், மிகவும் தாமதித்தால் கோப்புகள் அழிக்கப்படும். டொமைன் நின்றால் சங்கடம் பெரிது. `.com` பெயரொன்று காலாவதியான பின், பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்க இடம் கிடைக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் புதுப்பித்தல் விலைக்கு மேல் தனியாக மீட்புக் கட்டணமும் உண்டு. அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் விடுவிக்கப்பட்டு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்காரருக்கு அப்படி அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அதே டொமைனில் இருந்த மின்னஞ்சலுக்குப் போயின. அந்தப் பெட்டியை அவர் திறப்பதே இல்லை. டொமைன் நின்றதும் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து நின்றதால், காலாவதிக்குப் பின் வந்த கடைசி எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேரவில்லை. பதிவு செய்யும்போது தினமும் பார்க்கும் வேறொரு மின்னஞ்சலைக் கொடுப்பது இதனால்தான். டொமைனுக்கு `Auto-renew` இயக்கத்திலும் ஹோஸ்டிங்குக்கு அணைத்தும் வைப்பது என் வழக்கம்.

ஹோஸ்டிங்கின் தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்தால் சேவை உடனே நின்றுவிடாது. கட்டிய காலம் முழுவதும் ஓடும். ஆகவே வாங்கிய மறுநாளே அணைக்கலாம். சில நிறுவனங்கள் தவணை முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே பணம் எடுத்துவிடுகின்றன என்பதால், முடியும் நாளைக் குறித்துவைப்பதில் பயனில்லை. அதற்கு 40 நாள் முந்தைய தேதியைக் குறித்துவையுங்கள். அந்த நாற்பது நாளில் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், ஒத்துவராவிட்டால் தளத்தை வேறிடத்துக்கு நிதானமாக மாற்றலாம்.

அக்கா ஆகஸ்ட் 12 அன்று வாங்கினார். அதனால் அடுத்த ஆண்டின் ஜூலை 3-ஆம் தேதியைக் குறித்து, கடையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அல்லாமல் புதுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், "ஹோஸ்டிங் – தம்பிக்கு போன்" என்று எழுதி வைத்தார். நாட்காட்டி ஜனவரியில் மாறிவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. அந்த நாளில் இருவரும் உட்கார்ந்து பார்த்தபோது, தளத்தின் வழியே வந்த ஆர்டர்களில் ஏறக்குறைய எல்லாமே பிள்ளையார் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்டவை என்று தெரிந்தது. 4,942 ரூபாய் ஆண்டுத் திட்டத்தை விட்டுவிட்டோம். ஆகஸ்ட் 12 முதல் நான்கு மாதத்துக்கு மாதக் கட்டணத்தில் 1,883 ரூபாய், டொமைனுக்கு 1,297 ரூபாய், ஆக 3,180 ரூபாயில் முடிந்தது. டிசம்பரில் பேக்கப்பை அவருடைய பென்டிரைவில் இறக்கிக் கொடுத்துவிட்டு, ஹோஸ்டிங்கை `End of Billing Period` போட்டு நிறுத்தி, டொமைனை அவருடைய வாட்ஸ்அப் கேட்டலாக்குக்குத் திருப்பிவிட்டேன். அப்படித் திருப்புவதற்கு அவருடைய பதிவாளர் தனியாகக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.